கடலையை அவிப்போமா? குறுக்கெழுத்துக் குறிப்பு எழுதுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடசாலைகள், நூலகங்கள் எல்லாம் குறுக்கெழுத்துப் போட்டி வைக்கும். கட்டம் அழகாக இருக்கும், பரிசும் இருக்கும். குறிப்புத்தான் ஆளைக் கொல்லும். "இது இல்லாமல் வாழ முடியாது (3)" என்று எழுதிவிட்டு விடை "உணவு" என்பார்கள். "காற்று" என்று எழுதின பிள்ளைக்கு என்ன பதில்? இன்னொரு கொடுமை, விடையின் எழுத்துக்களைக் கட்டத்துக்குள்ளேயே குலைத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் "குழம்பியுள்ளது" என்று எழுதுவது. குழப்பம் குறிப்பில் இருக்கட்டும். கட்டத்தில் எப்போதும் சரியான சொல்தான் நிற்க வேண்டும்.

சொல் விளையாட்டோடு எழுதும் குறிப்பில் ஒரு பகுதி விடையின் பொருளைச் சொல்லும், மற்றப் பகுதி அதே விடையை விளையாட்டாகக் கட்டித் தரும். அப்படி எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான். சாமர்த்தியத்தை விளையாட்டில் காட்டுங்கள், பொருள் சொல்லும் பகுதியில் காட்டாதீர்கள். லண்டன் 'ஒப்சேர்வர்' பத்திரிகையில் 1972 முதல் ஏஸெட் என்ற புனைபெயரில் புதிர் கட்டியவர் இதை மூன்றாகச் சொன்னார்: துல்லியமான பொருள், விளையாட்டாக வரும் நியாயமான துணைக்குறிப்பு, வேறெதுவும் இல்லை. நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் மூன்றாவதில்.

ஒரு விடையை எடுத்துச் செய்து பார்ப்போம். விடை "கடலை". க, ட, லை என்று மூன்று எழுத்து. (கணினியில் எண்ணுகிறவர்கள் கவனம். எக்செலில் LEN போட்டால் 4 என்று காட்டும், ஐகாரக் குறியைத் தனியாக எண்ணுவதால். கட்டத்துக்குக் கையால்தான் எண்ண வேண்டும்.)

முதலில் பொருளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "தோலை உடைத்துத் தின்பது" என்றால் நம்மூரில் அது கச்சான். தமிழ்நாட்டில் நிலக்கடலையையும் கடலை என்பார்கள், ஆனால் கல்லடியில் கடலை வண்டிலில் கடலை கேட்டால் கொண்டைக்கடலைதான் கிடைக்கும். போட்டி எந்த ஊருக்கோ அந்த ஊர் வழக்குக்குப் பொருள் பொருந்த வேண்டும். "உப்புப் போட்டு அவிப்பது" என்று வைப்போம். கடலைக்கு இது உண்மை. கௌப்பிக்கும் பயறுக்கும் உண்மைதானே என்பீர்கள், அவையும் மூன்றெழுத்துத்தான். அது குற்றமில்லை. பொருள் ஒரே விடைக்கு மட்டும் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை, விடைக்குப் பொய்யாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மூன்றில் எது என்று தீர்ப்பது விளையாட்டின் வேலை. "இதைச் சாப்பிடலாம்" என்பதும் பொய்யில்லைதான், ஆனால் அதை வைத்து எங்கே தேடத் தொடங்குவது என்றே தெரியாது.

இனி விளையாட்டு. கடலை என்பது கடல் + ஐ. அப்படியென்றால் "சமுத்திரத்தை" என்ற ஒரே சொல் வேற்றுமை உருபோடு சேர்த்து முழு விடையையும் தந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்:

சமுத்திரத்தை உப்புப் போட்டு அவிப்பது (3)

மேலோட்டமாக வாசித்தால் ஏற்கெனவே உப்பாகக் கிடக்கும் கடலுக்கு எவனோ இன்னும் உப்புப் போட்டு அவிக்கிறான். உள்ளே பிரித்தால், "சமுத்திரத்தை" விளையாட்டு, மீதி பொருள். நான்கு சொல்லில் ஒன்றும் சும்மா நிற்கவில்லை. "அவிப்பது" என்று பெயராக முடிவதையும் பாருங்கள். விடை ஒரு பொருளின் பெயர், ஆகவே குறிப்பும் பெயராக இருக்க வேண்டும். "அவிக்கலாம்" என்று முடித்தால் வாசிக்க நன்றாக இருக்கும், ஆனால் வினைமுற்றுக்குப் பெயர்ச்சொல் விடையாகாது.

இதையே கெடுப்பது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். "சமுத்திரத்தையா உப்புப் போட்டு அவிப்பது?" என்று கேள்வியாக்கினால் சுவை கூடும், ஆனால் விளையாட்டு இப்போது "கடலையா" என்று நான்கு எழுத்தைத் தருகிறது. தமிழில் உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் வரும் வில்லங்கம் இது. ஒட்டியிருக்கும் ஒவ்வொன்றும் கணக்கில் வரும் என்று வைத்துத்தான் எழுத வேண்டும். "சமுத்திரத்தைக் கொறிப்பது" என்றால் நடுவில் ஒரு க் முளைக்கும். அது சந்தி, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனாலும் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் பக்கத்தில் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை. "கடற்கரையில் அவித்து விற்பது" என்று எழுதினாலோ கதை முடிந்தது. விடையின் பாதி குறிப்பிலேயே கிடக்கிறது.

கடலைக்கு வேறு வழியும் உண்டு. கலை என்ற சொல்லுக்குள் ட நுழைந்தால் கடலை. ட எங்கே கிடைக்கும்? படகின் நடுவில். "கலைக்குள் படகின் நடு நுழைய, உப்புப் போட்டு அவிப்பது (3)". நியாயமான குறிப்புத்தான், ஒவ்வொரு அடியும் சரி. ஆனால் வாசித்தால் ஒரு காட்சியும் வரவில்லை. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். இதை அழகாக்கப் போய், வடமோடியும் தென்மோடியும் ஆடிய மண்தானே என்று, "கலை" வர வேண்டிய இடத்தில் "கூத்து" என்று போடாதீர்கள். கூத்து ஒரு கலை. ஆனால் கலை என்றால் கூத்து என்று ஆகாது. பொதுச்சொல்லைக் கொடுத்து அதில் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்வது நியாயம். ஒன்றைக் கொடுத்துப் பொதுச்சொல்லுக்குப் போகச் சொன்னால், "கூத்து போன்றது" என்று ஒரு சைகையாவது வேண்டும்.

புணர்ச்சி பற்றிக் கேட்பார்கள். கடல் + ஐ சேரும்போது ல்லும் ஐயும் கூடி லை ஆகிறது, அதில் சிக்கலில்லை. கல் + அடி என்று "கல்லடி"க்கு எழுதினால் ஓர் ஒற்று கூடுதலாக வருகிறதே? தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது நன்னூல் விதி. தமிழ் தெரிந்தவர் தானாக அப்படித்தான் சேர்ப்பார், ஆகவே அனுமதிக்கலாம். எழுத்துக்களைக் கலைத்துப் போடும் குறிப்பில் மட்டும் இந்தச் சலுகை கூடாது. அங்கே கொடுத்த எழுத்து எதுவோ அதுவேதான் விடையில் இருக்க வேண்டும். க கொடுத்துவிட்டு கா எடுக்கக் கூடாது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. கட்டத்தைக் காட்டாமல் குறிப்பை மட்டும் ஒருவரிடம் கொடுங்கள். விடை வந்ததும், "ஏன்?" என்று கேளுங்கள். குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் வேலை சொல்ல வேண்டும். "இந்தச் சொல் எதுக்கு எண்டு தெரியல்ல, ஆனா விடை இதுதான்" என்றால் அந்தச் சொல்லை வெட்டுங்கள். "இதுவாத்தான் இருக்கோணும்" என்று இழுத்தால் விளையாட்டில் ஓட்டை. விடையைச் சொன்ன பிறகும் "அதெப்படி?" என்று முகம் சுழித்தால் பொருளில் பிழை, அதை முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

இந்தச் சோதனையை நீங்களே செய்து பார்க்க ஒன்று தருகிறேன். சும்மா நிற்கிற சொல் ஏதாவது அகப்பட்டால் கொமென்டில் எழுதுங்கள். விடையைக் கொமென்டில் போட்டு மற்றவர்களின் ஆட்டத்தைக் கெடுக்க வேண்டாம்.

வால் ஒடிந்த அம்பும் மீனும் சேர்ந்த மாவட்டம் (4)