மூடிய ஆஸ்பத்திரியைத் தேடி அலைய வேண்டாம்

பிறந்த ஆஸ்பத்திரி மூடப்பட்டுவிட்டது, ஆகவே பிறப்புச் சான்றிதழ் இனிக் கிடைக்காது என்று யாழ்ப்பாணத்தில் பலர் நம்புவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஆஸ்பத்திரி வைத்திருந்தது பிரசவக் குறிப்பு மட்டுமே. சட்டப்படியான பதிவு, பிறந்த இடத்துக்குப் பொறுப்பான பிறப்பு இறப்புப் பதிவாளரின் புத்தகத்தில் இருக்கிறது. கட்டடம் இடிந்து போனாலும் அந்தப் புத்தகம் அதனோடு போவதில்லை.

என் பெரியம்மாவின் பதிவைத் தேடியபோது இதை நேரில் கண்டேன். அவர் 1956 மார்கழி 9 ஆம் திகதி, சுன்னாகத்துக்கு அருகில் இருந்த ஒரு சிறிய மகப்பேற்று விடுதியில் பிறந்தவர். குடும்பம் காரைநகர் என்பதால் உறவினர்கள் முதலில் காரைநகரில் விசாரித்தார்கள். பதிவு பெற்றோரின் ஊரைப் பார்த்து நடப்பதில்லை, பிள்ளை பிறந்த இடத்தைப் பார்த்தே நடக்கிறது. ஆகவே சுன்னாகம் அடங்கும் உடுவில் பிரதேச செயலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

அங்கும் 1956 ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பதிவு இல்லை என்றே முதலில் பதில் வந்தது. பதிவுகள் பிறந்த நாளின் வரிசையில் இருப்பதில்லை, பதிவு செய்யப்பட்ட நாளின் வரிசையிலேயே இருக்கின்றன. பிறப்பை 42 நாட்களுக்குள் அறிவிக்கச் சட்டம் இடம் தந்திருந்ததால், மார்கழியில் பிறந்த பிள்ளை அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் இருக்கப் போதிய வாய்ப்பு உண்டு. தேடும் காலத்தை 1957 மாசி வரை நீட்டித் தருமாறு எழுதிக் கொடுத்தோம். தை 16 ஆம் திகதிப் பதிவாக அது கிடைத்தது. ஆண்டு இறுதியில் பிறந்தவர்களுக்கு அலுவலர்களே இதை நினைவூட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பக்கத்தைக் கண்டதும் அது அவருடைய பதிவுதானா என்ற சந்தேகம் வந்தது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டுமே இருந்தது. பெயர் வைக்கும் முன்பே பதிந்த பிள்ளைகளுக்கு இப்படி நேர்வதுண்டு. ஆகவே பிள்ளையின் பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர் இப்படியான பதிவைத் தவறவிட்டுவிடுவார். தகப்பனின் பெயரைக் கொண்டு தேடுவதே பயன் தரும், ஆனால் கையெழுத்தும் தடுமாற வைக்கும். அந்தப் பதிவாளர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவே இல்லை. கந்தையா என்பது ‘கநதையா’ என்று நின்றது. லை, னை ஆகியவற்றைப் பழைய முறையில் தும்பிக்கை போல வளைத்து எழுதியிருந்தார். தாயின் பெயரும் பிறந்த இடமும் திகதியும் ஒருங்கே பொருந்தியபோதுதான் உறுதி பிறந்தது. பெயரைச் சேர்ப்பதற்கு வேறு விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பாடசாலைப் பதிவு ஆதாரமாக உதவியது.

எங்கு தேடியும் பதிவு இல்லாவிட்டால், பதிவு இல்லை என்ற தேடுதல் முடிவை எழுத்தில் பெறுங்கள். காலம் கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது அது தேவைப்படும். அந்த ஆஸ்பத்திரியின் பிரசவக் குறிப்போ, ஞானஸ்நானப் பதிவோ கிடைத்தால் அப்போதுதான் அவை ஆதாரமாகப் பயன்படும்.