‘வதந்திகளை நம்ப வேண்டாம்’ என்றால், வேறு எதை நம்புவது?

ஒட்டிவிட்டார்கள். கேண்டீனில் கைகழுவும் இடத்துக்கு மேலே, தட்டோடு நிற்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி. “ஆட்குறைப்பு தொடர்பாகப் பரவும் வதந்திகளை ஊழியர்கள் நம்ப வேண்டாம். வதந்தி பரப்புவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.” இரண்டே வாக்கியங்கள், ஒரு கையெழுத்து. தேதி கிடையாது. யாரிடம் கேட்கலாம் என்ற பெயரும் கிடையாது.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்த நோட்டீஸை விளக்கத் தேவையில்லை. கம்பெனிப் பெயரை மாற்றிக்கொண்டால் உங்கள் சுவரிலும் இதே தாள்தான் இருந்திருக்கும்.

நோட்டீஸ் ஒட்டப்பட்ட அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததை முழுவதும் சொல்கிறேன். முதலில் படித்தவர் பாலக்கோட்டிலிருந்து வரும் செட்டர். ஒருமுறை படித்தார். திரும்பவும் படித்தார். “அண்ணா, ஆட்குறைப்பு இல்லை என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது?” என்று என்னைக் கேட்டார். எங்கேயும் இல்லை. பின்னால் நின்ற டிரெய்னி, “வதந்தி என்றுதானே போட்டிருக்கிறார்கள், அப்படியானால் பொய்தானே?” என்றான். அதற்கு ஒரு மூத்தவர், “பொய்யாக இருந்தால் பொய் என்று எழுதுவதற்கு என்னப்பா கஷ்டம்?” என்றார். அவ்வளவுதான். தட்டைக் கழுவுவதற்குள், மூன்றாவது லைனை மூடப்போகிறார்கள் என்பது உறுதியான செய்தியாகிவிட்டது. இரண்டாவது ஷிஃப்ட் பஸ் உள்ளே வந்தபோது எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் வந்துவிட்டது. இரவுக்குள் அந்த எண்ணிக்கை இரட்டிப்பானது. வதந்தியை நிறுத்த ஒட்டிய தாள், அதுவரை ஒன்றும் கேள்விப்படாத இரவு ஷிஃப்ட் ஆட்களிடமும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எங்கள் ஆட்கள் கதை கட்டுகிறவர்கள் அல்ல. மூன்றாவது லைனில் இரண்டு மெஷின்களுக்கு பிளாஸ்டிக் ஷீட் போர்த்தியதை அவர்கள் பார்த்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் ஸ்டாப்வாட்சோடு ஒவ்வொரு ஆபரேட்டர் பக்கத்திலும் நின்று நேரம் எடுத்ததைப் பார்த்தார்கள். ஓவர்டைம் நின்றதைப் பார்த்தார்கள். கண்ணெதிரே இவ்வளவும் நடக்கும்போது காரணம் சொல்ல ஒருவரும் வரவில்லை என்றால், காரணத்தை அவர்களே தேடிக்கொள்வார்கள். வேறு என்ன செய்வார்கள்?

எச்.ஆர். அறைக்குப் போய்க் கேட்டேன். “சார், இன்னும் முடிவே எடுக்கவில்லை. எடுக்காத முடிவைப் பற்றி என்ன சொல்வது?” என்றார் அந்த அதிகாரி. எனக்குக் கோபம் தலைக்கேறியது இந்த இடத்தில்தான். முடிவு எடுக்கவில்லை என்பதே சொல்ல வேண்டிய செய்தி! அதை அந்த நான்கு சுவருக்குள் என்னிடம் சொல்ல முடிகிற மனிதருக்குக் கேண்டீனில் சொல்ல வாய் வரவில்லை.

சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் உண்மையல்ல. அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவு: ஒரு வாடிக்கையாளர் தன் ஆர்டரை மறுபரிசீலனை செய்கிறார்; மூன்றாவது லைன் அந்த ஆர்டரை நம்பி ஓடுகிறது; பதில் மாதக் கடைசிக்குள் வரும்; அதன் பிறகு முடிவெடுப்பது தலைமை அலுவலகம். இதை அப்படியே எழுதியிருக்கலாம். என்னிடம் கொடுத்திருந்தால் நானே எழுதியிருப்பேன்:

“மூன்றாவது லைனுக்கான ஆர்டர் குறையக்கூடும். எவ்வளவு என்பது இன்னும் தெரியவில்லை. ஆட்களைக் குறைப்பதா, வேறு லைனுக்கு மாற்றுவதா, எதுவும் செய்யாமல் விடுவதா என்று எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. வேலை இழப்பு வராது என்று இப்போது உறுதி கூற இயலாது. வாடிக்கையாளரின் பெயரும் விலையும் ஒப்பந்தப்படி வெளியிடக் கூடாதவை; அதனால் அவற்றைச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, புதிய தகவல் இல்லாவிட்டாலும், மூன்று ஷிஃப்டையும் சந்தித்துப் பேசுவோம். முடிவு எதுவானாலும் சம்பந்தப்பட்டவருக்கு முதலில் நேரில் சொல்வோம்.”

இதைப் படித்தால் பயம் போய்விடாது. ஆனால் பயத்துக்கு ஓர் அளவு வரும். எந்த லைன், எப்போது தெரியும், யார் சொல்வார்கள் என்று தெரிந்தவர் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பார். ஒன்றும் தெரியாதவர் இன்றைக்கே அடுத்த கம்பெனியின் கேட்டில் பயோடேட்டாவோடு நிற்பார். முதலில் போகிறவர் யார்? எங்கும் உடனே வேலை கிடைக்கிற நல்ல செட்டர். நாளைக்கு அந்த ஆர்டர் முழுசாகத் திரும்பி வந்தால் மெஷினை யார் செட் செய்வது?

“வேலை இழப்பு வராது என்று உறுதி கூற இயலாது” என்ற வரியைத்தான் எந்த மேலாளரும் எழுத விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில், “யாருக்கும் ஒன்றும் ஆகாது, நாம் ஒரு குடும்பம்” என்று மைக்கில் பேசுவார்கள். தங்கள் கையில் இல்லாத முடிவுக்கு வாக்குக் கொடுப்பது இது. மாதக் கடைசியில் இருபது பேரை அனுப்ப நேர்ந்தால், மிச்சமிருப்பவர்கள் அந்த நிர்வாகம் போனஸ் அறிவித்தாலும் கணக்குப் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

முடிவு தெரியாதபோதும் விதிமுறை தெரியுமே, அதையாவது சொன்னார்களா? 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்து, அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் தொடர்கிற விதி இது: ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்போ அந்த மாதச் சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 12 ஆண்டு முடித்தவருக்கு 180 நாள். ஒரே வகை வேலையில் பொதுவாகக் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில். இதைச் சொல்லியிருந்தால் அந்த மூத்தவர் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டு ராயக்கோட்டைக்கு ஓடியிருக்க மாட்டார். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கோ இவ்வளவுகூட இல்லை. ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் என்பார்கள். ஒப்பந்ததாரர் போனை எடுக்க மாட்டார்.

எங்களைப் போன்ற சூப்பர்வைசர்களுக்கு அரை மணி நேரம் முன்னால் சொல்லியிருக்கலாம். ஆபரேட்டர் முதலில் கேட்பது எச்.ஆர். அதிகாரியை அல்ல, லைனில் பக்கத்தில் நிற்கும் எங்களை. அவர்களோடு நாங்களும் அதே தாளை அதே நேரத்தில் அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தோம். “எனக்குத் தெரியாது, கேட்டு நாளைக்குச் சொல்கிறேன்” என்று சொல்லும் உரிமையை மட்டுமாவது கொடுங்கள். நாளைக்குக் கேட்டால் எங்களுக்குப் பதில் சொல்ல ஒருவரை நியமியுங்கள். அந்த நோட்டீஸ் இன்றுவரை அங்கேயே இருக்கிறது. அடுத்த தாள் வரவில்லை. வெள்ளிக்கிழமைகள் வருகின்றன, போகின்றன.

இதில் தருமபுரி ரூட் கம்பெனி பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் கண்ணாடி உடைந்து, அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் நான்கு பேர் நின்றுகொண்டுதான் வருகிறோம். புகார் எழுதிக் கொடுத்தால், பரிசீலனையில் இருக்கிறதாம். ஒரு கண்ணாடிக்குமா ஐயா இன்னும் முடிவெடுக்கவில்லை?