சேர்வரை ஏன் நாலு தரம் ரீஸ்டார்ட் செய்தாய் தம்பி?

வெள்ளிக்கிழமை காலை 9:15. கந்தோரில் கதிரையை இழுத்து இன்னும் இருக்கவில்லை, போன் அடிக்கிறது. நல்லூரடியில் விருந்தினர் விடுதி நடத்துகிற அண்ணை. "தம்பி, உங்கடை புதுச் சேர்வர் படுத்திட்டுது போலை. லண்டனிலை மகள் பாத்திட்டு வடிவா இருக்கெண்டு சொல்லுறாள், எனக்கு இஞ்சை பழசுதான் வருது, பழைய விலைதான் நிக்குது. என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

லண்டனில் திறக்கிற சேர்வர் நல்லூரில் எப்படிப் படுக்கும்? இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கமாட்டார்கள். எது நடந்தாலும் சேர்வர்தான். முதலில் சேர்வரைத் திட்டவேண்டும், பிறகு சேர்வரை ரீஸ்டார்ட் செய்யவேண்டும், அதுக்கும் சரிவராவிட்டால் என்னைத் திட்டவேண்டும். பத்து வருடமாக இதே ஒழுங்கு.

நடந்தது இதுதான். விடுதியின் வெப்சைட்டைப் பழைய சேர்வரிலிருந்து புதியதுக்கு மாற்றினோம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள், 25 நாள் திருவிழாவுக்கும் அறை கேட்டு வெளிநாட்டிலிருந்து பதிவுகள் வந்துகொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்தில் மாற்றச் சொன்னதே பிழை, அதை விடுங்கள். வியாழன் மாலை 6:10க்கு எங்கள் கந்தோர்ப் பொடியன் டிஎன்எஸ்ஸில், அதாவது வெப்சைட்டின் பெயருக்கு எந்தச் சேர்வர் என்று சொல்லுகிற முகவரிப் புத்தகத்தில், ஐபி இலக்கம் இருக்கிற ஏ ரெக்கோர்டைப் புதிய ஐபிக்கு மாற்றினான். நான் போனில் சொன்னது, "டிடிஎல்லைக் குறைச்சிட்டு மாத்து" என்று. அவன் சொன்னதை அப்படியே செய்தான்: 86400 என்று இருந்ததை 300 ஆக்கினான், அதே பக்கத்தில் ஐபியையும் மாற்றினான், ஒரே அமுக்கில் சேமித்தான். "குறைச்சிட்டு ஒரு நாள் பொறுத்து மாத்து" என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அந்தப் பிழை என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்தவை என்னுடையவை இல்லை.

இந்த "டிஎன்எஸ் பரவுகிறது" என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் என் கையில் அகப்பட்டால் இருக்கிறது. எங்கேயும் ஒன்றும் பரவுவதில்லை. நீங்கள் ரெக்கோர்டை மாற்றினதை உலகத்துக்கு ஒருவரும் போய்ச் சொல்வதில்லை. உங்களுக்காக டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்லுகிற, இணையச் சேவைக்காரரின் ரிசோல்வர் ஏற்கெனவே ஒரு தரம் கேட்டு, விடையை வாங்கிக் கேஷில் வைத்திருக்கும். அந்த விடையை எத்தனை செக்கன் வைத்திருக்கலாம் என்பதுதான் டிடிஎல். 86400 என்றால் ஒரு முழு நாள். அந்த ஒரு நாள் முடியும்வரை அது திரும்பக் கேட்காது, கேட்காத ஒன்றுக்கு நீங்கள் 300 ஆக்கினதும் தெரியாது, ஐபி மாறினதும் தெரியாது. புதிய 300, இனிமேல் கேட்கிறவர்களுக்குத்தான். பழைய விடையை வைத்திருக்கிறவர்களுக்குப் பழைய 86400தான் கணக்கு. நாங்கள் காத்திருப்பது புதுச் செய்தி போய்ச் சேர அல்ல, பழைய செய்தி மறக்கப்பட.

அதுதான் லண்டனில் திறந்ததுக்கும் காரணம். அங்கே மகளின் பக்கத்து ரிசோல்வரை அண்மையில் ஒருவரும் இந்தப் பெயரைக் கேட்கவில்லை, ஆகவே புதிதாகக் கேட்டுப் புதிய விடை வாங்கியது. இங்கே நாள் முழுக்க விடுதிக்காரரே தன் வெப்சைட்டைத் திறந்து திறந்து பார்ப்பதால் கேஷில் எப்போதும் விடை இருக்கிறது. ஆர்வமாகப் பார்க்கிறவனுக்குத்தான் பழசு!

சரி, போனில் இதைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். விறாந்தையில் தேத்தண்ணி வந்தது. லப்டொப்பை அவருடைய வைஃபையில் போட்டு முதலில் டிஎன்எஸ்ஸின் மூல இடத்தையே கேட்டேன், அதாவது ரெக்கோர்டைச் சொந்தமாக வைத்திருக்கும் நேம்சேர்வரை. பெயரையும் ஐபிகளையும் மாற்றிப் போடுகிறேன்:

```
dig @ns1.example.com example.com A +noall +answer
example.com.   300     IN  A  203.0.113.20
```

புதிய ஐபி. எத்தனை தரம் கேட்டாலும் அதே 300, ஒரு செக்கன்கூடக் குறையாது, ஏனென்றால் அது கேஷ் இல்லை. பொடியன் மாற்றினது சரியாக மாறியிருக்கிறது. அப்புறம் அவருடைய றவுட்டர் தருகிற ரிசோல்வரையே கேட்டேன், பன்னிரண்டு செக்கன் இடைவெளியில் இரண்டு தரம்:

```
dig example.com A +noall +answer
example.com.   28680   IN  A  192.0.2.10
example.com.   28668   IN  A  192.0.2.10
```

பழைய ஐபி, எண் இறங்கிக்கொண்டே போகிறது. நேரம் 9:42. 28680 செக்கன் என்றால் 7 மணித்தியாலம் 58 நிமிடம், அப்போ பின்னேரம் 5:40க்கு இது காலாவதி. பின்னோக்கி எண்ணினால் இந்த விடையை வாங்கினது நேற்று 5:40க்கு, நாங்கள் மாற்றுவதற்குச் சரியாக அரை மணித்தியாலம் முன்னர். "அண்ணை, நேற்றுப் பின்னேரம் அஞ்சு நாப்பதளவிலை வெப்சைட்டைத் திறந்தனீங்களோ?" என்று கேட்டேன். "ஓம், ஒரு பதிவு பாக்கத் திறந்தனான்." அவர்தான் என்றில்லை, அதே சேவைக்காரரிடம் இருக்கிற வேறு யாரும் கேட்டிருக்கலாம். ஆனால் எண் பொய் சொல்லவில்லை.

சேர்வர் நல்லாயிருக்கிறதா என்று பார்க்க டிஎன்எஸ்ஸே தேவையில்லை. டிஎன்எஸ்ஸை ஒதுக்கிவிட்டு, இந்தப் பெயருக்கு இந்த ஐபிதான் என்று நாங்களே சொல்லிக் கேட்கலாம்:

```
curl -I --resolve example.com:443:203.0.113.20 https://example.com/
```

200 வந்தது, அதாவது எல்லாம் சரி என்ற பதில். சான்றிதழும் சரி. இந்த இடத்தில் 502 என்ற பிழை வந்திருந்தால், அல்லது ஒன்றுமே வராமல் தொங்கியிருந்தால், நானே முதல் ஆளாகச் சேர்வரைத் திட்டியிருப்பேன். இன்னொரு வழி இதைவிடச் சுலபம்: வருகிற ஒவ்வொருவரையும் ஒரு வரியாகப் பதிகிற, புதிய சேர்வரின் அக்செஸ் லொக்கை ஓடவிட்டுக்கொண்டு அண்ணையின் கொம்பியூட்டரில் பக்கத்தைத் திறந்தேன். லொக்கில் ஒரு வரிகூட விழவில்லை. வாசலுக்கே வராத விருந்தாளிக்குச் சாப்பாடு போடவில்லை என்று சமையல்காரனைப் பேசினால் எப்படி?

அதற்குள் அண்ணையின் மருமகன் வந்து போனைக் காட்டினார், உலக வரைபடத்தில் பச்சைச் சரி அடையாளம் போடுகிற ஒரு தளம். "எல்லா இடமும் பச்சை, அப்ப டிஎன்எஸ் சரி, சேர்வர்தான் பிழை." ஐயா, அந்தத் தளம் கேட்பது அந்தந்த நாட்டில் தான் தெரிந்தெடுத்த சில ரிசோல்வர்களை. உங்கள் வீட்டு றவுட்டர் கேட்கிற ரிசோல்வரை அது கேட்கவே இல்லை. உலகம் முழுக்கப் பச்சையாக இருந்தாலும் நல்லூரடியில் பழசு வரலாம், இதோ வருகிறது. கொம்பியூட்டரில் `ipconfig /flushdns` அடித்தும் பார்த்தாராம். அது அந்தக் கொம்பியூட்டரின் கேஷைத்தான் துடைக்கும், மறுபடி கேட்டதும் அதே ரிசோல்வர் அதே பழைய விடையை மீதிச் செக்கனோடு தூக்கிக் கொடுக்கும்.

இதோடு முடிந்திருக்கவேண்டும். பின்னேரம் 5:40 வரை பொறுத்தால் சரி. 10:25க்குக் கந்தோருக்குத் திரும்பினேன். பொடியன் வியர்த்துப்போய் இருக்கிறான். நான் இல்லாத நேரம் இன்னும் இரண்டு பேர் போன் எடுத்துச் சத்தம் போட்டிருக்கிறார்கள். அவன் புதிய சேர்வரை நாலு தரம் ரீஸ்டார்ட் செய்திருக்கிறான், அதுவும் பரவாயில்லை. பிறகு 10:05க்கு, பழைய டிஎன்எஸ் அமைப்பின் பிரதி ஒன்றை எடுத்து அப்படியே திரும்பப் போட்டிருக்கிறான். பழைய ஐபி. அதோடு பழைய 86400.

எனக்குத் தலை சுற்றியது. நான் உடனே மாற்றிவிட்டேன்தான், ஆனால் அந்த 20 நிமிடத்துக்குள் எந்த ரிசோல்வர் புதிதாகக் கேட்டதோ, அது இனிச் சனிக்கிழமை காலை வரை பழைய ஐபியைப் பிடித்துக்கொண்டிருக்கும். நேற்றிரவே புதிய விடையை 300 செக்கனுக்கு வாங்கி ஒழுங்காக இருந்தவர்கள்தான் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் திரும்பக் கேட்பவர்கள், ஆகவே அந்த 20 நிமிடத்துக்குள் அகப்பட்டவர்களும் அவர்கள்தான். 5:40க்கு ஆறியிருக்கவேண்டிய புண்ணை அடுத்த நாளுக்கு இழுத்துவிட்டான். 10:40க்கு லண்டன் மகளும் எடுத்தாள், "அப்பா, இப்ப இஞ்சையும் பழசு."

இதைவிடப் பெரிய கூத்து, பழைய சேர்வர் இன்னும் உயிரோடு பதிவுகள் எடுத்துக்கொண்டிருந்தது. வியாழன் இரவு ஒரு குடும்பம் புதிய சேர்வரில் நாலாம் அறையைப் பதிந்தது, வெள்ளி காலை கொக்குவிலில் இருந்து ஒருவர் அதே அறையை அதே நாட்களுக்குப் பழைய சேர்வரில் பதிந்தார். இரண்டு தரவுத்தளம், ஒன்றுக்கொன்று தெரியாது, இரண்டும் "உறுதி" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டன. அண்ணை ஒரு குடும்பத்தைத் தங்கையின் வீட்டில் ஏற்பாடு செய்தார், என்னோடு அடுத்த நாள் வரை கதைக்கவில்லை.

காத்திருக்கத் தேவையில்லாத வழியும் இருந்தது, அதை வியாழனே செய்திருக்கவேண்டும். 11 மணிக்குப் பழைய சேர்வரில் பக்கங்களைக் கொடுக்கிற மென்பொருளான என்ஜின்எக்ஸில், வருகிற எல்லாவற்றையும் புதியதுக்குத் தள்ளிவிடும்படி இதைப் போட்டேன்:

```
location / {
    proxy_pass https://203.0.113.20;
    proxy_set_header Host example.com;
    proxy_ssl_server_name on;
    proxy_ssl_name example.com;
}
```

அதன் பிறகு யார் கேஷில் எந்த ஐபி இருந்தாலும் பக்கம் ஒன்றுதான், தரவுத்தளமும் ஒன்றுதான். பழைய வீட்டுக்கு வருகிறவர்களைப் பின்வாசலால் புதிய வீட்டுக்குக் கூட்டிப்போகிற மாதிரி.

இன்னொன்று, "24 முதல் 48 மணித்தியாலம் ஆகும்" என்று எல்லாரும் மந்திரம் மாதிரிச் சொல்வது. டொட் கொம் பெயர் ஒன்றின் நேம்சேர்வர்களையே மாற்றினால் அந்தக் கணக்கில் நியாயம் உண்டு, மேலே டொட் கொம் வைத்திருக்கிற அந்த ரெக்கோர்ட்களின் டிடிஎல் 172800, அதாவது இரண்டு நாள். ஏ ரெக்கோர்ட் ஒன்றை மட்டும் மாற்றுகிறவனுக்கு அவனுடைய சொந்த டிடிஎல்தான் கணக்கு. புதன்கிழமை மாலையே 300 ஆக்கி, 86400 செக்கன் கழியவிட்டு வியாழன் மாலை ஐபியை மாற்றியிருந்தால், அண்ணை தேத்தண்ணி குடித்து முடிக்கமுன் எல்லாம் முடிந்திருக்கும்.

சனிக்கிழமை பழைய சேர்வரின் லொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐபியையே தேடி வருகிற தானியங்கிப் பொட்டுகளை விட்டால், மனிசர் மாதிரித் தெரிந்த கடைசி வரி 10:19க்கு விழுந்தது. 10:25க்குப் பிறகு ஒன்றுமில்லை. 10:40க்கு அண்ணை போன் எடுத்தார். "இப்ப வருது தம்பி. சேர்வரைத் திருத்திப் போட்டியள் போலை."

பொடியன் எனக்கு முன்னால் இருந்தான். நான் "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.