கறுப்பு டாம் என்று ஒரு பூனை இல்லை

மங்கலான ஒரு கார்ட்டூன் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு "இது யாரு, பேரு என்ன?" என்று கேட்டால் நம் ஆட்கள் முகத்தை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பெயரை வீசுவார்கள். படம் மங்கும்போது முதலில் அழிவதே முகம்தான். மீசை, கண்மணி, பல் மாதிரி மெல்லிய கோடுகள் எல்லாம் போய்விடும். பெரிய நிறத் திட்டுகளும் உடம்பின் அளவுகளும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும்தான் மிஞ்சும். ஆகவே முகத்தைப் பற்றி வாதாடுவது வெட்டி வேலை என்பது என் கருத்து. எந்தப் படத்தில் இருந்து எடுத்தது என்று கண்டுபிடியுங்கள், பெயர் தானாக வரும்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். பத்துப் பேர் கை மாறி வந்து கஞ்சி மாதிரி ஆகிவிட்ட படம். ஒரு கறுப்புப் பூனை, பக்கத்தில் வெள்ளையாக ஒரு பெண் பூனை, பின்னால் நீளமாக ஒரு கார். அக்கா பையன் கேட்டிருந்தான், "மாமா, இது டாமா, சில்வெஸ்டரா?" அதற்குள் சித்தப்பா "ஃபெலிக்ஸ்டா அது, நாங்க பாத்திருக்கோம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

முதல் கேள்வி, அது நிஜமாகவே கறுப்பா? டாம் நீலம் கலந்த சாம்பல். இருட்டான காட்சியிலோ கேவலமான நகலிலோ அவனும் கறுப்பாகத் தெரிவான். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. அதே படத்துக்குள் கண்டிப்பாகக் கறுப்பாக இருக்க வேண்டிய ஒரு பொருளைத் தேடுங்கள். இந்தப் படத்தில் கார் டயர் இருந்தது. பூனையின் உடம்பும் டயரும் ஒரே கருமை. டாமாக இருந்தால் டயரைவிட ஒரு படி வெளுத்திருப்பான். டாம் தள்ளுபடி.

சில்வெஸ்டரும் கறுப்புதான். ஆனால் நெஞ்சிலிருந்து வயிறு வரை பெரிய வெள்ளைப் பரப்பு, அதற்கு மேலே சிவப்பாக உருண்டை மூக்கு. எவ்வளவு மங்கினாலும் அந்த வெள்ளை அழியாது, ஏனென்றால் அது கோடு அல்ல, திட்டு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள், சில்வெஸ்டர் என்றால் நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை நிற்கும். நமக்கு வந்த பூனைக்கு நெஞ்சும் கறுப்பு. ஃபெலிக்ஸ் பேசாப் படக் காலத்து ஆள். முகம் முழுக்க வெள்ளை, உடம்பு கருகரு, உருவமே வட்டங்களால் ஆனது. இந்தப் பூனைக்கு டாமின் உடல்வாகு: நீண்ட கைகால், அதே உயரம், அதே நிற்கும் தோரணை. ஓவியர்கள் டாமின் அச்சையே வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்களோ என்று தோன்றும். அதனால்தான் பலரும் இவனைக் "கறுப்பு டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இவன் பெயர் புட்ச். எம்ஜிஎம் ஸ்டூடியோவில் ஹன்னாவும் பார்பெராவும் எடுத்த டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் வரும் தெருப்பூனை. 1943ல் வந்த 'Baby Puss' படத்திலேயே கூட்டாளிகளோடு வந்து டாமைக் கிண்டல் செய்கிறான். டாப்ஸி என்ற சின்னப் பூனையும் மீட்ஹெட் என்பவனும் அந்தக் கூட்டாளிகள். ஆனால் அந்தப் படங்களில் பேச்சே குறைவு. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். சின்ன வயதில் நூறு தடவை பார்த்தவர்களுக்குக்கூட இவன் பெயர் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

இத்தோடு நிறுத்தினால் இதுவும் ஊகம்தான். படத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். இங்கேதான் அந்தக் கார் உதவியது. பையன் முதலில் அனுப்பியது பூனையின் தலையை மட்டும் வெட்டிய படம். முழுசா அனுப்புடா என்று கேட்டு வாங்கினேன். தயவுசெய்து யாரும் வெட்டாதீர்கள், தகவல் எல்லாம் ஓரத்தில்தான் கிடக்கிறது. முழுப் படம் மிகவும் அகலமாக இருந்தது, உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1940களின் டாம் அண்ட் ஜெர்ரி எல்லாம் பழைய டிவிப் பெட்டி மாதிரி சதுரத்துக்கு நெருக்கமான சட்டம். அகலத்திரை சினிமாஸ்கோப்புக்கு அவர்கள் போனது 1954லிருந்து. அந்தக் காலத்துப் படங்களில் பின்னணி எளிமையாகிவிடும், வீட்டுச் சாமான்களின் நுணுக்கம் குறைந்துவிடும். ஆகவே 54க்கும் 58க்கும் நடுவில் தேடினால் போதும். பட்டியல் ரொம்பச் சுருங்கிவிட்டது. (டிவியில் போடும்போது இரண்டு ஓரத்தையும் நறுக்கிவிடுவதுண்டு. அதனால் அகலமாக இருந்தால் சினிமாஸ்கோப் என்று நம்பலாம், சதுரமாக இருந்தால் பழையது என்று நம்ப முடியாது.)

அந்த வருஷங்களில் புட்ச், ஒரு வெள்ளைப் பூனை, பணக்காரக் கார் மூன்றும் சேர்ந்து வருவது 1956ன் 'Blue Cat Blues'. டாம் தண்டவாளத்தில் சோகமாக உட்கார்ந்திருக்க, ஏன் அப்படி ஆனான் என்று ஜெர்ரி கதை சொல்லும் படம். டாம் ஒரு பூவோடு போனால் புட்ச் பூமலையோடு வருவான். டாம் வாங்கிய மோதிரக் கல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். புட்ச் தரும் கல்லின் ஒளிக்கு முகமூடி வேண்டும். காரிலும் இதே கதைதான். படத்தை ஓடவிட்டுக் கார் வரும் இடத்தில் நிறுத்தி, வந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காரின் வளைவும் பூனைகள் நிற்கும் இடமும் பொருந்தின. இப்போதுதான் பெயரைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. இடம் வலமாகப் புரட்டிப் போட்ட நகல்களும் இணையத்தில் ஏராளம், பொருந்தவில்லை என்று விட்டுவிடுவதற்கு முன் ஒருமுறை கண்ணாடிப் பிம்பமாக்கியும் பார்த்துவிடுங்கள். படத்தைக் கூர்மையாக்கித் தருகிறேன் என்று சொல்லும் செயலிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். இல்லாத மீசையை அதுவே வரைந்துவிடும், அப்புறம் அந்த மீசையை வைத்து நாம் சண்டை போடுவோம்.

பெயர் கிடைத்த பிறகும் ஒரு வம்பு இருக்கிறது. "புட்ச்" என்று தேடினால் ஒரு புல்டாக் நாயும் வந்து நிற்கும். அதே எம்ஜிஎம்மில் டெக்ஸ் ஏவரி எடுத்த ட்ரூப்பி படங்களில் ஸ்பைக் என்றொரு புல்டாக் இருந்தது. டாம் அண்ட் ஜெர்ரியில் ஏற்கெனவே ஸ்பைக் இருந்ததால் ஏவரியின் நாய் புட்ச் ஆகிவிட்டது. ஆக ஒரே ஸ்டூடியோவில் பூனை ஒரு புட்ச், நாய் ஒரு புட்ச். டயப்பர் கட்டிய அந்தக் குட்டி எலியையும் நிபிள்ஸ் என்றும் டஃபி என்றும் இரண்டு பெயரில் சொல்வார்கள், இரண்டுமே சரி. ஏன், 1940ல் வந்த முதல் படத்தில் டாமுக்கே ஜாஸ்பர் என்றுதான் பெயர். பெயரோடு படத்தின் தலைப்பையும் வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

பதிலைப் போட்டதும் பையன் அடுத்த கேள்வியைக் கேட்டான்: அந்த வெள்ளைப் பூனை யாரு? டூடுல்ஸ் என்று பலரும் சொல்வார்கள். டூடுல்ஸ் 1946ன் 'Springtime for Thomas' படத்தில் வந்த வெள்ளைப் பூனை, அங்கேயும் டாமும் புட்சும் அவளுக்காகத்தான் அடித்துக்கொள்வார்கள். ஆனால் 'Blue Cat Blues' முழுக்கக் காது கொடுத்துக் கேட்டும் அந்தப் பெயர் எனக்குக் கேட்கவில்லை, வரைந்த விதமும் வேறு. அவனுக்கு "வெள்ளைப் பூனை, 1956" என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன். சித்தப்பா இன்னும் ஃபெலிக்ஸ்தான் என்கிறார்.