உச்சி வெயிலில் வந்த முகமூடி

போன வாரம் அக்கா மகன் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டு வந்தான். பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி ஆண்டு மலருக்காம். கதையில் ஒரு பையன். வகுப்பு போட்டோவில் பின்வரிசையில் வலது ஓரம், முன்னால் நிற்பவன் தோளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறான். ராத்திரி அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது மின்னல் வெட்டுகிறது. போட்டோ காமிக்ஸ் கட்டமாகிவிடுகிறது. பையன் முகமூடி போட்ட சூப்பர் ஹீரோ.

“மின்னல் மட்டும் வேண்டாம்ல” என்றேன்.

“மாயக் கதைக்கு மின்னல்கூட வரக்கூடாதா? என்ன மாமா இப்படிச் சொல்லுதிய!”

மாயம் தாராளமாக வரட்டும். ஆனால் போட்டோ எதை இழந்தால் காமிக்ஸ் கட்டமாகும் என்று கதை எழுதுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்கள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. ஒன்றை எடுத்து விரித்தேன். படங்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டே நிறம்: மையின் கறுப்பு, தாளின் வெள்ளை. நிழல் வேண்டுமென்றால் நெருக்கமாகக் கோடு இழுத்திருப்பார்கள். போட்டோவில் முகத்தை முகமாகக் காட்டுவதோ இடையில் இருக்கிற சாம்பல் நிறங்கள். அவை போக வேண்டும். ஒவ்வொரு சாம்பலும் கறுப்புப் பக்கமா வெள்ளைப் பக்கமா என்று முடிவாக வேண்டும். மாற்றம் நடப்பது அங்கேதான்.

சொன்னால் நம்ப மாட்டான் என்று, அவனுடைய நிஜ வகுப்பு போட்டோவோடு ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். (கதையில் வருகிற பையன் யார் என்று நான் கேட்கவில்லை. பின்வரிசை, வலது ஓரம்.) எட்டு அங்குல அகலப் போட்டோவில் வரிசைக்குப் பதினைந்து பேர். அவன் முகம் ஏழு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். 200 சதவீதத்தில் பெரிதாக்கி, அந்தக் காப்பியை மறுபடி 200, அதை மறுபடி 200. எட்டு மடங்கு. முகம் ஒரு தீப்பெட்டி நீளத்துக்கு வந்துவிட்டது.

முதல் முயற்சி வீண். கடை அண்ணாச்சி நல்ல எண்ணத்தில் Photo பட்டனை அழுத்திவிட்டார். அதில் இயந்திரம் சாம்பலைக் காப்பாற்றப் பார்க்கும். அதற்காகப் பொடிப் பொடியாகப் புள்ளி வைக்கும். பெரிதாக்கினால் புள்ளியும் சேர்ந்து பெரிதாகி, முகம் அம்மைத் தழும்பு போலாகிவிடும். ஆண்டு மலரில் அச்சான படத்தை வைத்து எடுத்தாலும் இதே கதிதான், அதுவும் புள்ளிகளால் ஆனது. ஒரிஜினல் பிரிண்ட் வேண்டும், Text என்பதில் வைக்க வேண்டும். எழுத்துக்கு நடுச்சாயல் தேவையில்லை, அதனால் இயந்திரம் அதைத் தூக்கி எறிந்துவிடும்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். முதல் காப்பியில் கன்னத்துச் சாயல் பாதி போயிற்று. இரண்டாவதில் மூக்கு போயிற்று, இரண்டு துளை மட்டும் மிச்சம். மூன்றாவது தாள் சூட்டோடு வெளியே வந்தபோது பையன் அதை எடுத்து அப்படியே நின்றுவிட்டான்.

அந்தப் போட்டோ மைதானத்தில் உச்சி வெயிலில் எடுத்தது. சூரியன் தலைக்கு நேர் மேலே நின்றால் புருவத்துக்குக் கீழே குழியில் நிழல் விழும். போட்டோவில் அது வெறும் சாம்பல். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறான் என்று தோன்றும், அவ்வளவுதான். சாம்பல் போனதும் அந்த நிழல் முழுக் கறுப்பாகி, இரண்டு கண் குழியும் மூக்குத் தண்டில் ஒன்று சேர்ந்துவிட்டது. முகமூடி. யாரும் வரையவில்லை.

இந்த வழியில் இழப்பும் உண்டு. வெள்ளைச் சட்டையும் வெள்ளையடித்த சுவரும் ஒன்றாகிவிட்டன, தலை அந்தரத்தில் தொங்கியது. தோளுக்கு நாமே பேனாவால் கோடு இழுக்க வேண்டியிருந்தது. அவன் கொஞ்சம் தாராளமாகவே இழுத்தான்.

அப்புறம் பேச்சு பலூன். வீரமாக ஒரு வசனம் யோசித்து வைத்திருந்தான்: “அநீதியை அழித்தொழிக்க அவதரித்திருக்கிறேன்.” பலூனை முதலில் வரைந்துவிட்டு எழுத்தை உள்ளே திணித்தான். “அவதரித்திருக்” வரை வந்து இடம் முடிந்தது. தமிழ் வார்த்தை நீளம், கட்டம் சின்னது. எழுத்தை முதலில் எழுதிவிட்டு அதைச் சுற்றித்தான் பலூன் போட வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள். கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கிறவன் பேச்சைத் தொடங்க முடியாது. யாராவது கேட்டதற்குப் பதில்தான் சொல்ல முடியும்.

“அப்போ யாரு கேக்கது?”

“நடுவுல நாற்காலியில உக்காந்திருக்காரே, உங்க சார். அவர் கேக்கட்டும்.”

நேற்று திருத்திய கதையைக் கொடுத்தான். மின்னல் இல்லை. பையன் மூன்று காப்பி எடுக்கிறான். கடைசிக் கட்டத்தில் நாற்காலியில் இருக்கும் வாத்தியார் ஒரு எண்ணை மட்டும் கூப்பிடுகிறார்: “நாற்பத்தி மூணு.” வலது ஓரத்தில் முகமூடிக்காரன் தலைக்கு மேலே சின்ன பலூன். இரண்டே வார்த்தை, தாராளமாக இடம் இருக்கிறது.

“உள்ளேன் ஐயா.”