யாருடைய தந்தைக்கு?

(கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீனம், சவப்பெட்டி செய்யும் தச்சரின் பட்டறை)

வந்தவர்: தந்தைக்கு ஒரு பெட்டி வேண்டும், ஐயா.

தச்சர்: யாருடைய தந்தைக்கு?

வந்தவர்: நான் ஆசான் மோவின் வழி நடப்பவன். பிறருடைய தந்தையையும் என் தந்தையைப் போலவே கருதுபவனிடம் இப்படிக் கேட்பது முறையன்று.

தச்சர்: அப்படியானால் எத்தனை பெட்டிகள் என்று சொல்லுங்கள், மரத்துக்கு இப்போதே ஆள் அனுப்ப வேண்டும்.

வந்தவர்: ஒன்றுதான். இறந்தவர் என்னைப் பெற்றவர்.

தச்சர்: நல்லது. பலகையின் கனம் மூன்று விரற்கடை, உடல் மட்கும்வரை தாங்கினால் போதும் என்பது உங்கள் ஆசான் விதித்த அளவு. மாலைக்குள் முடித்துவிடுவேன்.

வந்தவர்: ஏழு விரற்கடை வையுங்கள்.

தச்சர்: ஏழு என்பது கன்பூசியர் வழிவந்த மென்சியஸ் சொல்லும் கணக்காயிற்றே!

வந்தவர்: எங்களவரான ஈ ச்சியும் தம் பெற்றோரை ஆடம்பரமாகத்தான் அடக்கம் செய்தார். மென்சியஸ் அதைக் குத்திக்காட்டியபோது, அன்பில் ஏற்றத்தாழ்வு கிடையாது, அதைச் செயலில் காட்டுவது மட்டும் பெற்றோரிடமிருந்து தொடங்குகிறது என்று பதில் சொல்லியனுப்பினார்.

தச்சர்: தொடங்கட்டும். போன மாதம் உங்கள் எதிர்வீட்டுக் கிழவரைக் கோரைப்பாயில் சுற்றிப் புதைத்தார்களே?

வந்தவர்: அப்போது நான் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

தச்சர்: அண்ணன் பிள்ளையிடம் இருக்கும் பாசம் அண்டைவீட்டுக் குழந்தையிடமும் அதே அளவு இருக்கும் என்று ஈ ச்சி உண்மையிலேயே நம்புகிறாரா என்றுதான் மென்சியஸ் கேட்டார்.

வந்தவர்: நானும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கவசம் அணிந்து போருக்குப் புறப்படுகிறீர்கள், திரும்புவீர்களோ மாட்டீர்களோ தெரியாது. பெற்றோரையும் மனைவி மக்களையும் யாரிடம் ஒப்படைப்பீர்கள்? எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பவனிடமா, தன் வீட்டை மட்டும் பார்ப்பவனிடமா? எங்களை ஏசுகிறவர்களும் முதலாமவனைத்தான் தேடுவார்கள் என்கிறார் ஆசான்.

தச்சர்: என் நண்பனிடம் ஒப்படைப்பேன். நண்பனுக்குச் செய்ய வேண்டிய கடமை கன்பூசியர் வழியிலும் உண்டு. பஞ்சத்தில் ஒரே ஒரு கிண்ணம் கஞ்சி மிஞ்சினால், உங்கள் ஆள் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வரிசையில் நிறுத்துவார். என் மகன் எத்தனையாவதாக நிற்பான்?

வந்தவர்: குறுகிய பார்வை! நான் முதலில் பிறருடைய பெற்றோருக்கு நன்மை செய்தால், அவர்களும் என் பெற்றோருக்குச் செய்வார்கள். ஆகவே, எங்கள் வழியே உண்மையான பெற்றோர் பக்தி.

தச்சர்: உங்கள் தந்தைக்காக எதிர்வீட்டுக் கிழவரிடம் போட்டுவைக்கும் முதல் என்று சொல்லுங்கள். அந்த முதலையும் நீங்கள் போடவில்லை.

வந்தவர்: தொடங்கவில்லை என்றேனே!

தச்சர்: கன்பூசியர் வழியினரும் எனக்கு உறவினர் அல்லர். மூன்றாண்டுத் துக்கம் என்று சொல்லி வேலைக்குப் போகாமல் நிலத்தை விற்றவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த வகையில் உங்கள் ஆசானின் கோபம் நியாயமானது. ஆனால், அவர்கள் தம் தந்தைக்குப் பெட்டி வாங்க வந்தால் தம் தந்தைக்கு என்றே சொல்வார்கள்.

வந்தவர்: சரி, ஏழு விரற்கடைக்கு விலை என்ன?

(தச்சர் சொல்கிறார்.)

வந்தவர்: இவ்வளவா? நீங்களும் என் தந்தையும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். நம்மவர் என்று பார்த்துக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?