பட்டுப்புடவை மடிப்பில்தான் முதலில் கிழிகிறது

கடந்த தை மாதம், வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக அம்மாவின் அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டைப் பீரோவிலிருந்து எடுத்து விரித்தேன். உடலில் ஒரு கறைகூட இல்லை. ஆனால் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது, மடிப்பு விழுந்த கோட்டில் மட்டும் ஊசிமுனை அளவுத் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. கட்டிக் கட்டி நைந்த புடவை அல்ல அது. அடுக்கின் அடியில், ஒரே மடிப்பில், 18 ஆண்டுகள் கிடந்த புடவை.

ஓரிடத்திலேயே வளைந்து, மேலுள்ள புடவைகளின் எடையையும் தாங்கும் இழை நாளடைவில் அங்கேயே இற்றுவிடுகிறது. அசல் சரிகை, பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது என்பதால், கரையும் முந்தானையும் உடலைவிட முன்னதாக உடைகின்றன. மடிப்பு விளிம்பின் மீதே இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்ப்பதை நான் அறவே ஒப்புவதில்லை. தேய்த்தாக வேண்டுமென்றால் புடவையின் உள்பக்கத்தில், மேலே பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் தேய்த்தால் போதும்.

கடையில் பாதி பாதியாக மடித்துத் தருவது விற்பனைக்கான மடிப்பு. வீட்டில் நான் அகலத்தை மூன்றாக மடிக்கிறேன். நடுக்கோடு அப்போதே மாறிவிடுகிறது. பிறகு ஒவ்வொரு வளைவுக்குள்ளும் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வைத்தால், மடிப்பு கூர்மையாகாமல் உருண்டையாக நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நான்கு விரற்கடை தள்ளி, உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றி மடிக்க வேண்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் பீரோவுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. எனவே மழை ஓய்ந்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விடுவது அவசியம். பிளாஸ்டிக் உறை வேண்டாம். பாச்சை உருண்டை சரிகையைத் தொடக் கூடாது.

துவைப்பதை இயன்றவரை தள்ளிப்போடலாம். கட்டி அவிழ்த்ததும் சில மணி நேரம் நிழலில் உலர்த்தி வியர்வை ஈரத்தைப் போக்கினாலே பெரும்பாலும் போதும். துவைத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் ஈர வெள்ளைத் துணியை உடல், கரை, முந்தானை மூன்றிலும் உள்பக்கமாக அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் உலர்சலவைக்குத்தான் கொடுக்க வேண்டும். ஒட்டாவிட்டால், பூந்திக்கொட்டையை ஊறவைத்து வடிகட்டிய நீரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து, ஊறப்போடாமல், ஓரிரு நிமிடம் அலசி எடுக்கலாம். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். மடிப்பில் ஏற்கெனவே துளை விழுந்த புடவையை வீட்டில் நனைக்கவே கூடாது. தண்ணீரின் எடையே அதைக் கிழித்துவிடும்.

அம்மாவின் புடவைக்கு, அந்தக் கோடு நெடுக உள்பக்கமாக மெல்லிய நெட் துணி வைத்துத் தைக்கச் சொன்னேன். திருமணத்தில் அம்மா அதைத்தான் கட்டினார். துளைகள் விழுந்த கோடு கொசுவத்துக்குள் மறையும்படி நானே மடிப்பு வைத்துக் கொடுத்தேன்.